நெல்லாகக் கூலி வாங்கலாமா, பணமாக வாங்கலாமா?

கேள்வி: மணலி புதுநகரில் வாடகை வீடு. நவரை அறுப்புக்கு 25 நாள் பொன்னேரி பக்கம் அக்கா ஊருக்குப் போகிறேன். ஒருவர் நாளுக்கு 500 ரூபாய் ரொக்கம் தருகிறார். இன்னொருவர் 250 ரூபாயும் இரண்டு மரக்கால் நெல்லும் தருகிறேன் என்கிறார். “அரசாங்க விலையில் பார்த்தால் இதுதான் லாபம்” என்று சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: சகோதரி, முதல் நாளே அந்த இரண்டு மரக்காலையும் ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். தலை தட்டி அளப்பதற்கும் கூம்பாக விட்டு அளப்பதற்குமே நல்ல வித்தியாசம் உண்டு. தூற்றாத நெல் என்றால் பதரும் சேர்ந்து வரும். இங்கே 14 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் விட்டுக்கொடுக்கும் ரொக்கம் 250 ரூபாய். அதற்குப் பதிலாக வருவது 14 கிலோ. ஆக, கிலோ 18 ரூபாய் கொடுத்து களத்து நெல்லை வாங்குகிறீர்கள். செலவெல்லாம் போக ஒரு கிலோ நெல் உங்களுக்கு 18 ரூபாய்க்கு மேல் பயன்பட்டால் நெல்லை வாங்குங்கள், குறைந்தால் பணத்தை வாங்குங்கள்.

அவர் சொல்லும் அரசாங்க விலை உண்மைதான். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையோடு சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், கிலோவுக்கு 25. ஆனால் அந்த விலை கொள்முதல் நிலையத்தில் கொடுப்பவருக்குத்தான். அங்கே சிட்டா, அடங்கல் கேட்பார்கள், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். கூலி நெல்லை வைத்திருக்கும் உங்களிடம் நிலத்துக்கான காகிதம் ஏது? நீங்கள் விற்கப்போவது களத்துக்கு வரும் வியாபாரியிடம். அவர் ஈர நெல்லுக்கு 17 ரூபாய் சொன்னால் அன்றைக்கே உங்களுக்கு நஷ்டம். அதனால் விற்பதற்காக நெல் வாங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்றால் கணக்கு வேறு. அறுத்த கையோடு வரும் நெல்லில் 22 சதவீதம் ஈரம் இருந்தால், 14 சதவீதத்துக்குக் காயும்போது 14 கிலோ 12.7 கிலோவாக இறங்கும். ஒரு நெல்மணியைக் கடித்துப் பாருங்கள். ‘நறுக்’கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது, பல்லில் நசுங்கினால் இன்னும் ஈரம். ஈரத்தோடு மில்லுக்குக் கொண்டுபோனால் நொய்தான் அதிகம் விழும். நன்றாகக் காய்ந்த 12.7 கிலோவில் சுமார் 8 கிலோ அரிசி கிடைக்கும். கடையில் நீங்கள் வாங்கும் அரிசி கிலோ 45 என்றால் 360 ரூபாய். அரைவைக் கூலி 25 போனால் மிச்சம் 335.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 25 நாள் நெல் 350 கிலோ. மணலிக்குக் கொண்டுவர வண்டிக்கு 1,500 ரூபாய் என்றால் நாள் ஒன்றுக்கு 60 ரூபாய் கழிந்து, கிலோவுக்கு 20 ரூபாய்கூடத் தேறாது. வாடகை வீட்டில் அத்தனை மூட்டையை எங்கே அடுக்குவீர்கள்? அதோடு, ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்குப் பதிலாக நெல் அரிசியைச் சமைத்தால் உங்களுக்கு ஒரு பைசாவும் மிச்சமில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கும் அரிசி எவ்வளவு நிற்கிறதோ, அவ்வளவுக்குத்தான் இந்த 45 ரூபாய் கணக்கு.

மாதம் 16 கிலோ கடை அரிசி வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு 96 கிலோ, அதாவது 12 நாள் கூலி நெல். அதை அக்கா வீட்டிலேயே காயவைத்து, நெல்லாகவே மூட்டை கட்டி வையுங்கள். அரிசியாக வைப்பதைவிட நெல்லாக வைத்தால் வண்டு தொல்லை குறைவு. புது அரிசியின் குழைவும் நாள்பட நாள்பட அடங்கும். பாதி பாதியாக அரைத்து, மூட்டைக்கு 150 ரூபாய் செலவில் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தால் நாள் கணக்குக்கு 25 ரூபாய்தான். மிச்சம் 310, கிலோவுக்கு 22 ரூபாய். 18-ஐத் தாண்டிவிட்டது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். தண்டல் கட்டுகிறீர்களா? தினம் 100 ரூபாய் கட்ட வேண்டியிருந்தால், நெல் வாங்கும் நாளில் கையில் நிற்பது 150. வாடகை தேதியும் அந்த 25 நாளுக்குள் வந்தால் மறுபடி தண்டல் எடுக்க வேண்டிவரும். 1,000 ரூபாய்க்குக் கையில் 850 வாங்குபவருக்கு அந்த ஒரு கடனிலேயே 150 ரூபாய் போய்விடும். நெல்லில் உங்களுக்கு மிஞ்சுவது நாளுக்கு 60 ரூபாய்தான். அப்படி ஒரு நெருக்கடி இருந்தால் 25 நாளும் ரொக்கமே வாங்குங்கள்.

நெருக்கடி இல்லையென்றால், நெல் தருபவரிடம் 12 நாள் மட்டும் வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். மற்ற 13 நாளும் 500 ரூபாய் தருபவரிடம் போங்கள். “தூற்றிய நெல், எடை போட்டு 14 கிலோ, அன்றன்றைக்கே” என்று அறுப்பு தொடங்குமுன் அக்காவை வைத்துக்கொண்டு பேசி முடித்துவிடுங்கள்.