டீலர் சொல்லும் பத்து நாளும் உங்கள் ரிஜிஸ்டர் சொல்லும் நாளும்

கேள்வி: கோவையில் மோனோபிளாக் பம்ப் செய்யும் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். மெக்கானிக்கல் சீல் ராஜ்கோட்டிலிருந்து டீலர் மூலமாக வருகிறது. பத்து நாளில் வந்துவிடும் என்று அவர் சொல்வார். ஒரு நாளைக்கு 40 சீல் ஓடுவதால், ஸ்டாக் 400-க்கு இறங்கியதும் 1,200 ஆர்டர் போடுகிறேன். ஆனாலும் அடிக்கடி பக்கத்து யூனிட்டில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் இரண்டு முறை லைனே நின்றது. எவ்வளவு ஸ்டாக் இருக்கும்போது ஆர்டர் போட வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு ரசீதுகளின்படி, 840 சீல் இருக்கும்போதே ஆர்டர் போட வேண்டும். அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்த பொருளுக்கு நீங்களே போட்டுக்கொள்ள முடியும்.

முதலில் தேதிகளைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான கணக்குகள் இங்கேதான் கெடுகின்றன. ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு தேதி தேவை: ஆர்டர் கொடுத்த நாள், சரக்கை லைனில் எடுத்துப் போட முடிந்த நாள். இரண்டையுமே டாலியிலிருந்து அப்படியே எடுக்க முடியாது. நீங்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்லி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அக்கவுண்டன்ட் பர்ச்சேஸ் ஆர்டர் அடிக்கிறார். அந்தத் தேதியிலிருந்து எண்ணினால் காத்திருந்த நாள் குறைவாகத் தெரியும். அதனால் வாட்ஸ்அப் தேதியை எடுங்கள். சரக்கு வந்த தேதிக்கு பில்லைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கேட்டில் வாட்ச்மேன் எழுதும் இன்வர்டு ரிஜிஸ்டரைப் பாருங்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு நாள் பிடித்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பில் தேதி விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருக்கக் காரணம் உண்டு. மாதக் கடைசியில் டார்கெட்டைக் காட்ட டீலர்கள் பில்லை மட்டும் போட்டுவிடுவார்கள். சரக்கு அவர்கள் குடோனிலோ பார்சல் ஆபீஸிலோ கிடக்கும். ஆடிட்டர் "பில் தேதியிலேயே என்ட்ரி போடுங்கள்" என்பார், அக்கவுண்டன்டும் அப்படியே போட்டுவிடுவார். கணக்கு அழகாக இருக்கும், ரேக் காலியாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க இ-வே பில்லில் பார்ட் பி என்ற பகுதியைப் பாருங்கள். அதில் வண்டி எண் எந்தத் தேதியில் ஏறியிருக்கிறது? பில் 31-ம் தேதி, வண்டி எண் 8-ம் தேதி என்று இருந்தால், சரக்கு அனுப்பியாகிவிட்டது என்று டீலர் உங்களிடம் சொல்லிவந்த அந்த ஒரு வாரமும் பொய்.

இப்படிச் சரிசெய்த பிறகு உங்கள் பன்னிரண்டு ஆர்டர்களும் எடுத்துக்கொண்ட நாட்கள் இவை: 9, 11, 10, 12, 9, 24, 10, 13, 11, 21, 12, 14. பத்து நாளுக்குள் வந்தது நான்கு முறைதான். மற்ற எட்டு முறையும் 400 சீல் போதவில்லை, நீங்கள் கடன் வாங்கினீர்கள், இல்லை லைன் நின்றது. டீலர் சொன்ன பத்து நாள், எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகக்கூடிய நாள். அதை வைத்து ஸ்டாக் திட்டமிட முடியாது.

இதில் 24 என்ற வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் டாலி ரிப்போர்ட்டில் அது 9 என்று இருந்தது. நடந்தது என்னவென்றால், டீலர் 1,200-க்கும் சேர்த்து பில் போட்டு 400 மட்டும் ஒன்பதாம் நாள் அனுப்பினார். மீதி 800 வந்தது 24-ம் நாள். ஒன்பதாம் நாளன்று உங்களிடம் மிச்சமிருந்தது 40, வந்தது 400, ஆக 440. அது பதினொரு நாளைக்குத்தான் வரும். இருபதாம் நாளோடு தீர்ந்தது, நான்கு நாள் லைன் நின்றது. முதல் லாட் வந்த தேதியைப் பதிவு செய்தால், உங்களை நிறுத்திய அதே ஆர்டர் பட்டியலில் உங்கள் மிகச் சிறந்த ஆர்டராக உட்கார்ந்திருக்கும்!

பகுதி பகுதியாக வரும் சரக்குக்கு எந்தத் தேதியை எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். முதலில் வந்த லாட், அடுத்தது வரும்வரை லைனை ஓட்டியதா என்று பாருங்கள். ஓட்டவில்லை என்றால் கடைசி லாட்டின் தேதிதான் கணக்கு. 1,200-ல் 1,150 வந்து 50 மட்டும் பின்னால் வந்திருந்தால் முதல் தேதியே போதும், அந்த 50-க்காக வரியைக் கெடுக்க வேண்டாம். மீதியை டீலர் அனுப்பவே இல்லை, ஆர்டரை அப்படியே மூடிவிட்டார் என்றால்? அந்த வரியை அழித்துவிடாதீர்கள். அதற்குப் பதிலாக வேறு இடத்தில் வாங்கிய சரக்கு கைக்கு வந்த நாள் வரை எண்ணுங்கள். இன்னும் வராமல் தொங்கிக்கொண்டிருக்கும் ஆர்டரையும் இன்றுவரை ஆன நாட்களோடு சேருங்கள். வந்த சரக்குக்கு மட்டும்தான் ரசீது இருக்கும். வராததையும் ரத்தானதையும் விட்டுவிட்டால் மோசமான சப்ளையர்தான் நல்லவராகத் தெரிவார். இன்னொன்று: ஒரே பில்லுக்குச் சரக்கு பல லாட்டாக வந்தால், ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியைக் கடைசி லாட் வந்த பிறகுதான் எடுக்க முடியும். முழு பில் போட்டுக் கால்வாசி அனுப்பும் டீலரால் உங்கள் வரிப் பணமும் முடங்குகிறது.

இனி கணக்கு. எக்செல்லில் A-யில் ஆர்டர் தேதி, B-யில் லைனுக்குத் தயாரான தேதி, C-யில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அப்புறம் மூன்று வரி போதும்:

```
=AVERAGE(C2:C13)
=STDEV.S(C2:C13)
=LARGE(C2:C13,2)
```

உங்களுக்குக் கிடைப்பது 13, 4.73, 21. சராசரி 13 நாள். 4.73 என்பது அந்தச் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு நாள் விலகுகிறது என்பதன் அளவு. 21 என்பது பன்னிரண்டில் இரண்டாவது மோசமான முறை. அதற்குத் தயாராக இருந்தால் பன்னிரண்டில் பதினொரு முறை தப்பித்திருப்பீர்கள். 21 நாளை 40-ஆல் பெருக்கினால் 840. உங்கள் அளவு யூனிட்டுக்கு இது போதும்.

பாடப்புத்தகச் சூத்திரம் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. உங்கள் ஓட்டத்தின் ஏற்ற இறக்கம், வாரக் கணக்கிலிருந்து நாளாக மாற்றினால், சுமார் 12 சீல். நூற்றில் 95 முறை தட்டுப்பாடு வராமல் இருக்கக் கூடுதலாக வைக்க வேண்டிய சரக்கு இது:

```
=1.65*SQRT(13*12^2+40^2*4.73^2)
```

விடை 320. பதின்மூன்று நாள் ஓட்டத்துக்கு 520, அதோடு 320, மொத்தம் 840. இரண்டு வழியும் ஒரே எண்ணைத் தந்தது தற்செயல்தான். ஒத்துப்போகாதபோது பட்டியலை நம்புங்கள். இந்தச் சூத்திரம் முன்கூட்டி வருவதும் தாமதமாக வருவதும் சமமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் சரக்கு ஒருபோதும் ஐந்தாம் நாளில் வராது, 24-ம் நாளில் வரும்.

ஆனால் சூத்திரம் காட்டும் ஒரு விஷயம் முக்கியம். அதில் இரண்டாவது பகுதியை, அதாவது சப்ளையரின் ஏற்ற இறக்கத்தை, எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். 320 வெறும் 71 ஆகிவிடும். உங்கள் ரேக்கில் முடங்கப்போகும் கூடுதல் சரக்கில் பெரும்பகுதி உங்கள் விற்பனை ஏறி இறங்குவதால் வருவதல்ல, டீலர் சொன்ன நாளில் தராததால் வருவது. இதை அவரிடம் விலை பேசும்போது மேசையில் வையுங்கள்.

"ஆட்டோ ரீஆர்டர்" வசதி விற்க வருகிறவர்களிடமும் கவனம் தேவை. எனக்குத் தெரிந்து பல சிறு யூனிட்கள் பணம் கொடுத்து வாங்கிய மாட்யூலில் லீட் டைம் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் யாரோ ஒருநாள் 10 என்று அடித்ததோடு சரி, வருஷக்கணக்கில் யாரும் மாற்றுவதில்லை. ரசீதுகளிலிருந்து அது தானாக நாளை எண்ணுகிறதா, பகுதி லாட்டுக்கு எந்தத் தேதியை எடுக்கிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். "அதெல்லாம் கஸ்டமைசேஷன் சார்" என்று பதில் வந்தால் எக்செல்லே போதும். டாலியில் அந்தப் பொருளின் ரீஆர்டர் லெவலில் 840 என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

840 என்பது தினமும் ஸ்டாக் பார்க்கிறவருக்கான எண். நீங்கள் சனிக்கிழமை மட்டும் எண்ணுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறன்றே 840-க்குக் கீழே போய்விட்டால் அடுத்த சனி வரை ஆறு நாள், அதாவது 240 சீல், யாருக்கும் தெரியாமல் குறையும். ஒன்று தினமும் பாருங்கள், இல்லை 1,080 வையுங்கள். பம்ப் சீசனில் 40 என்பது 60 ஆனால், அந்த 60-ஐ வைத்துப் பெருக்குங்கள்.

கடைசியாக அந்த 21 நாள் வரி. முந்தைய பில்லுக்குப் பணம் வரவில்லை என்று டீலர் சரக்கை நிறுத்தி வைத்ததாகக் குறிப்பு இருக்கிறது. "அது நம்ம தவறு, கணக்கில் சேர்க்க வேண்டாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் இனி சொன்ன நாளுக்குள் போகும் என்று உறுதியாக இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். கூடவே, பகுதி லாட்டுக்கு முழு பில் போடமாட்டேன் என்று டீலரிடம் எழுதி வாங்கி, அதன்படி அவர் நடந்தால் 24-ம் திரும்ப வராது. அந்த இரண்டும் போய்விட்டால் பட்டியலில் மிக மோசமானது 14 நாள், ரீஆர்டர் அளவு 560. அடுத்த நான்கைந்து ஆர்டர்கள் அப்படி வந்து சேரும்வரை 840-ஐக் குறைக்காதீர்கள்.