அந்த இருபது சான்றிதழ்

"என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பிலேயே தமிழ்நாடு கபடி அணிக்குத் தேசியப் போட்டியில் ஆடியவள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினீயரிங் சீட் கிடைக்குமா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்? இருபது சான்றிதழுக்கு மேல் இருக்கும், எல்லாம் கோச் சாரிடம் பத்திரமாக இருக்கின்றன."
– ஒரு தந்தை, நாமக்கல்

சீட்டு அப்புறம் இருக்கட்டும். பெண்ணின் சான்றிதழ் கோச்சிடம் ஏன் இருக்கிறது? வீட்டுப் பத்திரத்தை இப்படி ஒருவரிடம் விட்டு வைப்பீர்களா? கோச் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கே அவர் வேறு ஊருக்குப் போனால் யார் பின்னால் ஓடுவீர்கள்? இந்த ஞாயிறே மைதானத்துக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி வாருங்கள். "இருக்கும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், ஒன்றைக்கூட நீங்கள் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்று தெரிகிறது. மகள் ஆடுவதில் பெருமைப்படத் தெரிந்த அப்பாவுக்கு அவள் தாள்களைக் காப்பதும் கடமைதான்.

வாங்கியதும் தரையில் பரப்பிப் பிரியுங்கள். ஊர்க் கோப்பை, தனியார் கிளப் 'ஓப்பன் நேஷனல்' என்று நடத்தியதெல்லாம் ஒரு பக்கம். அவை ஷோகேசுக்கு. அங்கீகரித்த சங்கமோ கல்வித் துறையோ நடத்திய போட்டிகள்தான் கணக்கு. அதிலும் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை, மட்டத்துக்குத்தான். நாட்டுக்கு ஆடியது மேலே, மாநிலத்துக்குத் தேசியப் போட்டியில் ஆடியது அடுத்து. உங்கள் இருபதில் அந்தக் கபடிச் சான்றிதழ் ஒன்றே மற்றதையெல்லாம் தள்ளிவிடும்.

அதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டியலில் முழுப் பெயரும் இனிஷியலும் இருக்கும். சான்றிதழில் வீட்டில் கூப்பிடும் பெயரை யாரோ அவசரத்தில் எழுதியிருப்பார்கள். பிறந்த தேதி மாறியிருந்தாலும் இதே சிக்கல்தான். வழங்கிய இடத்திலேயே இப்போதே திருத்துங்கள், நீங்களே பேனாவை எடுக்காதீர்கள்.

சான்றிதழ் மட்டும் போதாது. அதில் உள்ளதை உறுதி செய்யும் படிவமும் வேண்டும். சங்கம் வழியாக ஆடிய தேசியப் போட்டி என்றால் மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து, பள்ளி விளையாட்டு என்றால் கல்வித் துறையின் கையெழுத்து. படிவத்தின் மாதிரி தமிழ்நாடு இன்ஜினீயரிங் சேர்க்கைக்கான அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இருக்கும். எந்தத் தேதிக்குள் ஆடியது செல்லும் என்பதும் அதிலேயே. உங்கள் மகள் ஆடியது ஒன்பதாம் வகுப்பில் என்பதால் அந்த வரியை முதலில் பாருங்கள். சங்கத்தில் செயலாளர் மாறுவார், இரண்டு கோஷ்டி ஆகும், கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும். மே மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

tneaonline.org-இல் விண்ணப்பிக்கும்போதே விளையாட்டுப் பிரிவைக் குறிக்க வேண்டும். அதில் ஏற்றிய சான்றிதழ்களை அசலோடு நேரில் ஒப்பிடுவார்கள். இந்தப் பிரிவில் மொத்தம் 500 இடம். தரவரிசை விளையாட்டுப் புள்ளியில்தான் வரும், சமமானால்தான் கட் ஆஃப் பேசும். ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியலில் தகுதி மதிப்பெண் இல்லாவிட்டால் எந்தக் கோப்பையும் உதவாது. மாலைப் பயிற்சி முடிந்து வருபவளைக் கணக்கு நோட்டோடு உட்கார வைப்பது கோச்சின் வேலை இல்லை, அது உங்கள் வேலை.