விற்றது 61,200-க்கு, வங்கியில் ஏறியது 60,732: நடுவில் போன பணம் எது?

"புளியங்குடியில் எலுமிச்சை விவசாயம் செய்கிறேன். போன மாதம் 100 பங்குகளை 612 ரூபாய் விலையில் விற்றேன். 61,200 வர வேண்டும். புரோக்கர் அனுப்பிய காண்ட்ராக்ட் நோட்டில் 60,756.32 என்று இருக்கிறது. வங்கியில் ஏறியதோ 60,732.72. கணக்குத் திறந்தபோது தரகு முப்பது பைசா என்றுதான் சொன்னார்கள். நோட்டின் நகலை இணைத்திருக்கிறேன். சரியாகத்தான் பிடித்திருக்கிறார்களா?"

அண்ணாச்சி, வரிகளில் தப்பு இல்லை. தரகில்தான் இடிக்கிறது. முப்பது பைசா என்று பேசியது உங்கள் படிவத்திலும் எழுதப்பட்டிருந்தால், 144 ரூபாய் 38 காசு உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். கமிஷன் கடைச் சிட்டையை எப்படி மேலிருந்து கீழாகப் பார்ப்பீர்களோ, இதையும் அப்படியே பார்ப்போம். முதலில் எடையும் விலையும், பிறகு கழிவு.

நீங்கள் 612 என்று நினைத்தாலும் 100 பங்கும் அந்த விலைக்குப் போகவில்லை. நோட்டின் நடுவில் உள்ள அட்டவணையில் ஒரே ஆர்டர் எண்ணுக்கு எதிரே மூன்று வரிகள் இருக்கின்றன: 612.00-க்கு 40, 611.80-க்கு 35, 611.50-க்கு 25. சந்தை விலைக்கு விற்கச் சொன்னால் அந்த நொடியில் வாங்க நிற்பவர்களின் விலைக்கே போகும்; முதல் ஆள் கேட்ட 40 தீர்ந்ததும் மிச்சம் அடுத்த விலைக்கு இறங்கிவிடும். மூன்றையும் கூட்டினால் 24,480 + 21,413 + 15,287.50, ஆக 61,180.50. இதுதான் உண்மையான வியாபார மதிப்பு. 61,200 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

இந்த 61,180.50 சரிதானா என்று புரோக்கரைக் கேட்காமலே பார்க்கலாம். விற்ற அன்று இரவு பங்குச் சந்தையிலிருந்து உங்கள் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும். அது சந்தை நேரடியாக அனுப்புவது. அன்றைய மொத்த வியாபார மதிப்பு அதில் இருக்கும். பலர் அதை விளம்பரம் என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். அதுவும் நோட்டும் ஒத்துப்போனால் விலையில் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம்.

இனி தரகு. நம் ஊரில் 'முப்பது பைசா' என்றால் நூறு ரூபாய்க்கு முப்பது பைசா, அதாவது 0.30 சதவீதம். பங்கு ஒன்றுக்கு முப்பது பைசா என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் நோட்டின் முதல் வரியில் பங்கு ஒன்றுக்கான தரகு 3.06 என்றும், அதை அடுத்த Net Rate per Unit என்ற கட்டத்தில் 608.94 என்றும் இருக்கிறது. 3.06-ஐ 612-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 0.50 வருகிறது. முப்பது பைசா பேசியவருக்கு ஐம்பது பைசா போட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு வரிகளிலும் அதே விகிதம்தான். மொத்தத் தரகு 305.90, முப்பது பைசாவாக இருந்தால் 183.54 மட்டுமே.

மற்ற கழிவுகள் புரோக்கரின் விருப்பம் அல்ல. எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி, டெலிவரியில், அதாவது அன்றே திருப்பிவிடாத வியாபாரத்தில், வாங்கினாலும் விற்றாலும் 0.1 சதவீதம், முழு ரூபாயாக்கி 61 போட்டிருக்கிறார்கள், சரி. சந்தைக் கட்டணம், தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் 2024 அக்டோபர் முதல் லட்சத்துக்கு 2.97 ரூபாய், 1.82 சரி. சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டணம் கோடிக்குப் பத்து ரூபாய், உங்களுக்கு ஆறு காசு. முத்திரைத் தீர்வை வாங்குபவருக்கு மட்டும்தான். விற்ற நோட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதே முறை.

ஜிஎஸ்டியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 18 சதவீதம் என்பது 61,180-க்கு அல்ல. தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்கு மட்டும். 307.78-க்கு 18 சதவீதம் 55.40. உங்கள் நோட்டில் அதை மத்திய, மாநிலப் பங்காக 27.70, 27.70 என்று பிரித்திருக்கிறார்கள். வெளிமாநிலத்திலிருந்து பில் போடும் புரோக்கர் என்றால் ஒரே வரியில் ஐஜிஎஸ்டி என்று வரும், தொகை மாறாது. ஆனால் தரகு கூடினால் அதன் மேல் ஏறும் ஜிஎஸ்டியும் கூடும். அதனால்தான் தரகில் 122.36 அதிகமானபோது, அதற்கு 22.02 வரியும் சேர்ந்து உங்கள் இழப்பு 144.38 ஆகிறது.

எல்லாவற்றையும் கழித்தால் 61,180.50-இல் 424.18 போய் 60,756.32. கூட்டல் சரி. முப்பது பைசா தரகானால் 60,900.70 வந்திருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். Taxable Value of Supply என்ற வரியில் அதே 305.90 மறுபடி தெரிகிறது. நோட்டைக் காட்ட வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த வரியில் விரலை வைத்து, "தரகை இரண்டு முறை பிடித்துவிட்டார்கள்" என்று கொதிக்கிறார்கள். சில புரோக்கர்கள் பங்கு விலையிலேயே தரகைக் கழித்துவிட்டு, ஜிஎஸ்டிக்கு அடிப்படை காட்டுவதற்காக மட்டும் இந்த வரியை அச்சிடுகிறார்கள். வேறு சிலர் மொத்த மதிப்பை மேலே வைத்து, கீழே இந்த வரியில்தான் தரகைக் கழிக்கிறார்கள். Net Rate கட்டத்தில் 608.94 இருப்பதால் உங்களுடையது முதல் வகை. எந்த வகையானாலும், 61,180.50-இலிருந்து ஒருமுறை மட்டும் கழித்துக் கடைசித் தொகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இரட்டைப் பிடிப்பு இல்லை.

வங்கிக்கு இன்னும் 23.60 குறைவாக வந்தது வேறு சமாசாரம். அது டிபி கட்டணம்: உங்கள் டீமேட் கணக்கிலிருந்து பங்கை வெளியே எடுப்பதற்கானது. உங்கள் புரோக்கரிடம் 20 ரூபாய், ஜிஎஸ்டி 3.60. இது சந்தை வியாபாரத்தின் செலவு அல்ல என்பதால் காண்ட்ராக்ட் நோட்டில் வராது, புரோக்கரிடம் உள்ள உங்கள் வரவு செலவுக் கணக்கான லெட்ஜரில்தான் தெரியும். ஒரே நிறுவனத்தின் பங்கை ஒரே நாளில் எத்தனை தடவையாக விற்றாலும் பொதுவாக ஒருமுறைதான் இதைப் பிடிப்பார்கள். அடுத்த முறை பத்துப் பத்தாகப் பல நாட்களில் விற்க நினைத்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. கணக்குத் திறந்தபோது கொடுத்த படிவக் கட்டில் கட்டண அட்டவணை என்று ஒரு தாள் இருக்கும், அதை எடுங்கள். டெலிவரிக்கு 0.30 என்று இருக்கிறதா, பக்கத்தில் 'பங்கு ஒன்றுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு' என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பங்குகளில் அந்தக் குறைந்தபட்சம்தான் தரகைத் தூக்கிவிடும். 612 ரூபாய்ப் பங்கில் அதற்கு வழியில்லை என்றே நினைக்கிறேன். பிறகு உங்கள் பழைய நோட்டுகளை எடுத்து, எந்தத் தேதியிலிருந்து ஐம்பது பைசா ஆனது என்று பாருங்கள். இடையில் கட்டண மாற்றம் என்று ஏதாவது மின்னஞ்சல் வந்ததா என்றும் தேடுங்கள். தாளில் 0.30 இருந்து, மாற்றத்துக்கான அறிவிப்பும் இல்லை என்றால், நோட்டிலேயே அச்சிட்டிருக்கும் புகார் மின்னஞ்சலுக்கு நோட்டின் எண், தேதி, பிடித்த தரகு 305.90, பிடித்திருக்க வேண்டியது 183.54, வரியோடு திருப்பித் தர வேண்டியது 144.38 என்று எழுதி, கட்டண அட்டவணையின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். உள்ளூர்க் கிளையில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். சரியான பதில் வரவில்லை என்றால் செபியின் scores.sebi.gov.in தளத்தில் அதே கணக்கை அப்படியே பதிவு செய்யலாம். பழைய நோட்டுகளிலும் ஐம்பது பைசாதான் என்றால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே புகாரில் சேர்த்துவிடுங்கள்.