கர்ப்ப காலத் தடுப்பூசி: ராயபுரம் செவிலியர் அக்காவிடம் கேட்டவை

காசிமேட்டிலிருந்து: எனக்கு ஐந்தாம் மாதம். மூத்தவனுக்கு இரண்டு வயது. அப்போது இரண்டு டிடி ஊசி போட்டேன். இப்போதும் இரண்டா?

ஒன்று போதும்மா. முந்தைய பிரசவத்தில் இரண்டு ஊசியும் முடித்து மூன்று வருடத்துக்குள் மறுபடி கர்ப்பமானால் பூஸ்டர் ஒன்றுதான். பழைய அட்டையைத் தேடி எடுத்து வா. அட்டை இல்லை, தேதியும் நினைவில்லை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டும் போடுவோம்.

டிடியிலேயே கக்குவான் இருமலும் அடங்கும் என்றார்களே. அப்புறம் எதற்குக் காசு கொடுத்து டிடாப்?

அது சரியில்லை. டிடியில் ரண ஜன்னியும் தொண்டை அடைப்பானும்தான் உண்டு. கக்குவான் சேர்ந்தது டிடாப். குழந்தைக்குக் கக்குவானுக்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் எதிர்ப்புச் சக்திதான் துணை. அதனால்தான் கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் டிடாப் போடச் சொல்கிறோம். உடம்பு அந்த எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்க இரண்டு வாரமாவது வேண்டும். அது மெல்லக் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும்.

ஒரு மாதக் குழந்தைக்குக் கக்குவான் வந்தால் 'கூப்' என்ற சத்தமே வராமல் போகலாம். இரண்டு இருமல் இருமி, மூச்சு நின்று, உதடு நீலமாகும். அப்படிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

காசிமேட்டுத் தங்கச்சி பூஸ்டர் இன்னும் போடவில்லை என்றால், அதற்குப் பதில் 27 வாரத்துக்கு மேல் டிடாப்பாகவே போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். சிலர் சரி என்பார்கள், சிலர் டிடியை முதலில் முடிக்கச் சொல்வார்கள்.

என் மனைவிக்குச் சளி பிடித்திருக்கிறது. ஃப்ளூ ஊசி போட்டால் போய்விடுமா?

போகாது தம்பி, அது சளிக்கு மருந்தில்லை. ஃப்ளூ காய்ச்சலைத் தடுக்கத்தான். எந்த மாதத்திலும் போடலாம், லேசான சளி தடையில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி கணக்கில் வராது. ஊசியில் இருப்பது செத்த வைரஸ். மூக்கில் அடிக்கும் வகையில் உயிருள்ளது இருப்பதால் அது வேண்டாம்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா அம்மை மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி போட்ட மூன்றாவது வாரம் கர்ப்பம் என்று தெரிந்தது. மாமியார் கலைக்கச் சொல்கிறார். இரவெல்லாம் தூக்கமில்லை.

கலைக்காதே கண்ணு. நிஜ ரூபெல்லா முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் குழந்தையின் கண், காது, இதயத்தைப் பாதிக்கும். ஊசியில் இருப்பதும் அதே வைரஸ்தான், உயிரோடு, ஆனால் பலவீனமாக்கியது. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடுமோ என்ற முன்னெச்சரிக்கையில்தான் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளச் சொல்கிறோம். தெரியாமல் போட்டுக்கொண்ட தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்ததில் அந்தப் பாதிப்பு குழந்தைகளிடம் தெரியவில்லை. ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல், ஸ்கேனைத் தவறவிடாதே. மாமியாரையும் ஒரு நாள் கூட்டி வா, நான் பேசுகிறேன்.

எனக்குச் சின்னம்மை வந்ததே இல்லை. அந்த ஊசி?

அதுவும் உயிருள்ளது, பிரசவத்துக்குப் பிறகு போடலாம், தாய்ப்பால் கொடுத்தாலும் பரவாயில்லை. இப்போது அம்மை வந்த வீட்டுக்குப் போகாதே. போய்விட்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வா.