“யாதும் ஊரே” மனப்பாடத்தில் “இன்னாதென்றலும் இலமே” வந்ததும் மகள் நேரே கடைசி அடிகளுக்குத் தாவுகிறாள்

முதலடியிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதை நிறுத்துங்கள். தாவும் அந்த ஒரு இணைப்பை மட்டும் தனியாகப் பழக்குங்கள்.

“யாதும் ஊரே” பாட்டில் “இலமே” நான்கு முறை வருகிறது. அவள் இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போய்விடுகிறாள், அதனால் மழையும் ஆறும் புணையும் விடுபடுகின்றன. அடி அடியாகப் படித்திருந்தால் இது இன்னும் மோசம், ஏனென்றால் “மின்னொடு” ஆறாம் அடியின் கடைசியில் நின்றாலும் பொருளில் அடுத்த துண்டின் தொடக்கம்.

பொருள்படி நான்காக வெட்டுங்கள்: “புதுவதன்றே” வரை, “இன்னாதென்றலும் இலமே” வரை, “மின்னொடு” முதல் “ஆகலின்” வரை, மீதி. பழைய கொப்பி மட்டையில் அட்டை வெட்டி, முன்பக்கம் ஒரு துண்டின் கடைசிச் சொற்கள், பின்பக்கம் அடுத்த துண்டின் முதற்சொற்கள். மூன்றாவதற்கு மட்டும் “மின்னல், மழை, ஆறு, தெப்பம், உயிர்” என்று குறிப்பு. வாவியில் நீரோட்டத்தோடு போகும் தோணியைக் காட்டினால் “புணை” மறக்காது. எங்கள் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அது வசதி.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று “மின்னொடு” என்று மட்டும் சொல்லுங்கள். அங்கிருந்து “ஆகலின்” வரை தடங்கலில்லாமல் போக வேண்டும்.

பதிப்புக்குப் பதிப்பு சொற்பிரிப்பு மாறும். பள்ளிப் பாடநூலில் உள்ளதையே அட்டையில் எழுதுங்கள்.