ஸ்ட்ரைக் அடித்த பிறகும் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது?

கேள்வி: பெங்களூரில் அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமை முதன்முதலாக பவுலிங் விளையாடப் போகிறேன். ஸ்ட்ரைக், ஸ்பேர் விழுந்தால் மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுகிறார்கள்?

ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் பத்துப் பின்களை வீழ்த்த இரண்டு பந்துகள் கிடைக்கும். இரண்டையும் உருட்டிய பிறகு ஒரு பின்னாவது நின்றுகொண்டிருந்தால், விழுந்தவற்றை எண்ணிக் கூட்டிக்கொண்டு அடுத்த ஃபிரேமுக்குப் போய்விடலாம். அதில் சிக்கல் எதுவும் இல்லை.

முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் அது ஸ்ட்ரைக். திரையில் X என்று தெரியும், அந்த ஃபிரேமில் இரண்டாவது பந்து கிடையாது. முதல் பந்தில் மிஞ்சியவை அனைத்தும் இரண்டாவது பந்தில் விழுந்தால் அது ஸ்பேர். அதற்கு / என்ற குறி. முதல் பந்து ஓரத்துக் குழிக்குள் போய், இரண்டாவது பந்தில் பத்துப் பின்களும் சேர்ந்து விழுந்தாலும் அது ஸ்பேர்தான், ஸ்ட்ரைக் ஆகாது.

ஸ்பேருக்கு 10 புள்ளிகளோடு நீங்கள் அடுத்து உருட்டும் ஒரு பந்தில் விழுவதும், ஸ்ட்ரைக்குக்கு 10 புள்ளிகளோடு அடுத்து உருட்டும் இரண்டு பந்துகளில் விழுவதும் சேரும். இங்கே கணக்கு பந்தைப் பொறுத்தது, ஃபிரேமைப் பொறுத்தது அல்ல. புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான். அந்தப் பந்துகளை உருட்டும் வரை கூட்ட வேண்டிய எண் யாருக்கும் தெரியாது என்பதால் திரையும் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கும். கோரமங்களாவிலோ சர்ச் ஸ்ட்ரீட்டிலோ வார இறுதி மாலையில் ஒரே லேனை ஐந்தாறு பேர் பகிர்ந்துகொண்டு ஆடும்போது, உங்கள் அடுத்த முறை வரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் குழுவில் ஒருவராவது "மெஷின் போச்சு போல, ஸ்ட்ரைக் அடிச்சும் மார்க் ஏறலையே" என்று சொல்லிவிடுவார். மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஓர் ஆட்டத்தின் முதல் ஐந்து ஃபிரேம்களை எடுத்துக்கொள்வோம். முதல் ஃபிரேமில் 7, பிறகு 2; மொத்தம் 9. இரண்டாவதில் 6 விழுந்து, மிச்சம் நான்கும் அடுத்த பந்தில் விழுகின்றன. ஸ்பேர் என்பதால் கட்டம் காலி. மூன்றாவது ஃபிரேமில் ஸ்ட்ரைக். அந்தப் பத்து உடனே பின்னால் போய் ஸ்பேரோடு சேர, இரண்டாவது ஃபிரேமுக்கு 20 கிடைத்து மொத்தம் 29 ஆகிறது. ஆனால் மூன்றாவது இப்போது காலி. நான்காவதிலும் ஸ்ட்ரைக். மூன்றாவதுக்கு வேண்டிய இரண்டு பந்துகளில் ஒன்றுதான் இதுவரை உருண்டிருப்பதால், அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள் காலியாக நிற்கும். ஐந்தாவதில் முதல் பந்துக்கு 4 விழுந்ததும் மூன்றாவது ஃபிரேம் 10 + 10 + 4, அதாவது 24 என்று முடிந்து மொத்தம் 53 ஆகிறது. இரண்டாவது பந்துக்கு 3 விழ, நான்காவது 10 + 4 + 3 = 17 என்றாகி மொத்தம் 70; ஐந்தாவதின் சொந்தக் கணக்கு 7 சேர்ந்து 77.

அந்த 4 மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என மூன்று ஃபிரேம்களிலும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். உண்மையில் விழுந்த பின்கள் 46 மட்டுமே. அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரைக் அடித்துவிட்டு உருட்டும் பந்துதான் ஆட்டத்திலேயே விலை உயர்ந்தது என்பேன். நண்பர்கள் கைதட்டும் உற்சாகத்தில் அவசரமாக ஓடிப்போய் வீசிவிட வேண்டாம்.

பத்தாவது ஃபிரேமுக்கு அப்பால் ஃபிரேம் இல்லாததால், கூடுதல் பந்துகளை அதற்குள்ளேயே கொடுத்துவிடுகிறார்கள். அங்கே ஸ்ட்ரைக் விழுந்தால் மேலும் இரண்டு பந்துகள், ஸ்பேர் விழுந்தால் மேலும் ஒன்று. இந்தக் கூடுதல் பந்துகளுக்குத் தனியாக போனஸ் கிடையாது. ஸ்ட்ரைக்குக்குப் பின் 7 விழுந்து, மிச்சம் மூன்றும் விழுந்தால் அந்த ஃபிரேமுக்கு 20 மட்டுமே. பன்னிரண்டு பந்தும் ஸ்ட்ரைக் ஆனால் ஃபிரேமுக்கு 30 வீதம் 300; அதற்கு மேல் எடுக்க வழியே இல்லை.

கூட்டலை மெஷின் பார்த்துக்கொள்ளும், ஆனால் விழுந்த பின்களை அது எப்போதாவது தவறாக எண்ணிவிடுவது உண்டு. பந்து போனதும் தடுப்புக் கட்டை இறங்கி விழுந்தவற்றை வாருவதற்குள் எத்தனை நிற்கின்றன என்று பார்த்துவிடுங்கள். திரையில் எண் மாறியிருந்தால் அந்த ஃபிரேம் முடிந்ததுமே கவுண்டரில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். முந்தைய ஃபிரேம் ஸ்ட்ரைக்காகவோ ஸ்பேராகவோ இருந்தால், ஒரு பின் குறைந்தாலும் அது அங்கேயும் குறையலாம்.