ஒன்றாம் வகுப்புக்கு எது சின்ன வாக்கியம்?

"5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் கற்றுத்தரும் செயலி ஒன்றைச் செய்துவருகிறோம். எந்த வாக்கியமும் ஐந்து சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். ஆனாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திரையைப் பார்த்து விழிக்கிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 'இது பாப்பாவுக்கு' என்று மூடிவிடுகிறார்கள். எங்கே தவறு செய்கிறோம்?"
– செயலி வடிவமைப்பாளர், வேளச்சேரி

சொற்களை எண்ணினீர்கள் அல்லவா, அங்கேதான். தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே ஒரு வாக்கியம் அடங்கிவிடும். அதனால் சொற்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு வரி எளிதா கடினமா என்று சொல்ல முடியாது.

வியாசர்பாடியில் ஒரு வீட்டில், ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இப்படிப்பட்ட செயலியைப் பயன்படுத்தியதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் இருந்தது மூன்றே சொல்: "சரியான விடையைத் தேர்ந்தெடுக்கவும்." முதல் இரண்டையும் விரல் வைத்துப் படித்துவிட்டாள். மூன்றாவதில் "தே... ர்... ந்..." என்று நின்றாள். அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முன்னே படித்தது மறந்துவிட்டது. விரல் மறுபடி "சரியான" என்பதற்கே போனது. மூன்று முறை இப்படி ஆன பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கணக்கு அவளுக்குத் தெரியும். கேள்விதான் அவளிடம் போய்ச் சேரவில்லை.

ஒரு தாளில் "எது சரி? அதைத் தொடு." என்று எழுதிக் காட்டினேன். உடனே விரல் சரியான படத்துக்குப் போனது. இதில் நான்கு சொல், அதாவது முந்தையதைவிட ஒன்று கூடுதல். எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: முதல் வரியில் 17, இரண்டாவதில் 9. "தேர்ந்தெடுக்கவும்" என்ற ஒரே சொல்லிலும் 9 எழுத்துதான். அதில் நான்கு மெய்யெழுத்து வேறு. புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு ர்ந்தெ, க்க என்று மெய்கள் அடுக்கி வரும் இடம்தான் மேடு.

நான் கையாளும் அளவு இது: ஒன்றாம் வகுப்புக்கு ஒரு சொல்லில் ஐந்து எழுத்துக்கு மேல் வேண்டாம், ஒரு வரியில் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். "படமெங்கே" என்று சேர்க்காமல் "படம் எங்கே" என்று பிரித்தே எழுதுங்கள். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் ஒரு சொல்லுக்கு எட்டு எழுத்து வரை போகலாம்.

உங்கள் நிரலர் இதைத் தானாகச் சரிபார்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. பைத்தானில் `len("தொடு")` என்று கேட்டால் 4 என்று வரும், ஏனென்றால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. எழுத்தை மட்டும் எண்ண இது போதும்:

```
import unicodedata
def ezhuthu(s):
    return sum(unicodedata.category(c) == "Lo" for c in s)
```

இதில் "தொடு" 2 ஆகும். க்ஷ, ஸ்ரீ போன்றவை இரண்டாகக் கணக்காகும், பாதகமில்லை.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பேச்சிலும் எழுத்திலும் ஏறக்குறைய ஒரே உருவில் இருப்பவற்றை முதலில் எடுங்கள். தொடு, எண்ணு, கேள், பார், எது, எங்கே. வீட்டில் காதில் விழுந்த சொல்லாக இருந்தால் பாதி எழுத்துக்கூட்டியதுமே பிள்ளை ஊகித்துவிடும். "அருந்து", "இல்லம்" போன்றவற்றில் அந்த ஊகத்துக்கு வழியே இல்லை. "குடி", "வீடு" என்று போடுங்கள். ஒரு திரையில் "தொடு", இன்னொன்றில் "அழுத்து", மூன்றாவதில் "தட்டு" என்று மாற்றவும் வேண்டாம். பெரியவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் எழுதும் பழக்கம் இங்கே பிள்ளையைக் குழப்பும்.

ஆனால் பாடச் சொற்களில் கை வைக்காதீர்கள். கூட்டல், கழித்தல், உயிர்மெய், முக்கோணம் ஆகியவை வகுப்பில் ஆசிரியர் வாயிலிருந்து வருபவை. "கழித்தல்" கடினம் என்று "எடுத்துவிடுதல்" என்று நீங்கள் மாற்றினால், செயலியில் நன்றாகச் செய்யும் பிள்ளை பள்ளித் தேர்வில் அதே கணக்கின் முன் திகைத்து நிற்கும். பாடச் சொல்லை அப்படியே வைத்து, முதல் முறை படத்தோடும் ஒலியோடும் காட்டுங்கள்; சுற்றியுள்ள சொற்களை எளிதாக்குங்கள்.

இனி உங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கும் ஐந்து சொல் வரம்பை வைத்ததால் இப்படி ஏதாவது எழுத நேர்ந்திருக்கும்: "தண்ணீர் ஆவி ஆனது. மேலே போனது. அங்கே குளிர். மேகம் உருவானது." ஒவ்வொரு வாக்கியமும் எளிது. ஆனால் குளிருக்கும் மேகத்துக்கும் என்ன தொடர்பு? அதைச் சொல்லும் சொல்லையே வெட்டிவிட்டீர்கள். "மேலே காற்று குளிர்ந்திருப்பதால் அந்த ஆவி சின்னச் சின்ன நீர்த்துளிகளாக மாறுகிறது" என்பதில் ஒன்பது சொல் இருக்கிறது, இருந்தாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதுதான் புரியும். பாடமே அந்த "ஆல்" என்ற உருபில்தான் இருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் நீட்டவும் கூடாது. "கோயம்பேட்டில் அப்பா வாங்கிவந்த 24 மாம்பழங்களில் பாட்டிக்குக் கொடுத்த 9 பழங்கள் போக மீதமுள்ள பழங்கள் எத்தனை?" தமிழில் அடைமொழி முன்னே வந்து பெயர் பின்னே வருவதால், எதைப் பற்றிய பேச்சு என்று தெரியும்வரை எல்லாவற்றையும் மனத்தில் தாங்கிக்கொண்டே போக வேண்டும். இதை உடைத்துவிடுங்கள்: "அப்பா 24 மாம்பழம் வாங்கி வந்தார். பாட்டிக்கு 9 பழம் கொடுத்தார். மீதி எத்தனை?" நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் உடைக்கலாம், ஒன்றுக்கு மற்றொன்று காரணமாக வந்தால் உடைக்கக் கூடாது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு எழுதும்போது இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

தொனியைப் பொறுத்தவரை, "தேர்ந்தெடுக்கவும்", "முயற்சிக்கவும்" என்ற "வும்" வாசகங்கள் ரயில் நிலைய அறிவிப்புப் பலகைக்கு உரியவை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே அவற்றில் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை "நீ" என்றே பேசுங்கள். "நீங்கள்" பெற்றோருக்கான பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் செயலி சின்னப் பிள்ளையிடம் "சபாஷ், செல்லக் குட்டி!" என்று சொன்னால் முகம் மலரும். ஒன்பது வயதுக்காரனிடம் ஒவ்வொரு தொடுகைக்கும் அதையே சொன்னால், தம்பிக்கான விளையாட்டைத் தன் கையில் கொடுத்துவிட்டதாக அவன் நினைப்பான். "இது பாப்பாவுக்கு" என்று அவர்கள் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கும். அவனுக்கு "சரி. அடுத்தது கொஞ்சம் கடினம்" என்பதே மரியாதை.

தவறான விடைக்கு வரும் வரியில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். 7 + 5 = 11 என்று போட்ட இரண்டாம் வகுப்புப் பிள்ளை, பெரும்பாலும் ஏழையும் சேர்த்து ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணியிருக்கும். "தவறு! மீண்டும் முயற்சிக்கவும்" என்று வந்தால், அதே வழியில் மறுபடி எண்ணி மறுபடி 11 போடும். "7 கையில் இருக்கிறது. அடுத்து 8. அங்கே இருந்து 5 எண்ணு." என்று எழுதுங்கள். எங்கே சறுக்கியது என்பதும் எப்படிச் சரிசெய்வது என்பதும் அதிலேயே இருக்கின்றன. கடுமையும் இல்லை, கொஞ்சலும் இல்லை.

வெளியிடுவதற்கு முன் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, நீங்கள் எதுவும் சொல்லாமல் பாருங்கள். படித்து முடிக்கும் முன்பே விரல் படத்துக்குப் போனால், அந்த வரியைப் படிக்காமல் படத்தை வைத்தே செய்கிறார்கள். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால், நீளம் தாங்கவில்லை. முழுதும் சரளமாகப் படித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், சொல் புரியவில்லை. ஜூனில் பள்ளி திறந்த புதிதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தால் வரியைக் குறை சொல்லாதீர்கள். பலருக்கு அப்போது எழுத்தே பிடிபட்டிருக்காது. அவர்களுக்கு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒலிப் பொத்தான் வேண்டும், அதில் வரும் குரல் திரையில் உள்ள அதே சொற்களையே சொல்ல வேண்டும்.